கவிழ்ந்த டிராக்டரும் தடுமாறிய அறிக்கையும்

திண்டுக்கல் சமவெளி என்று வரைபடத்தில் எழுதியிருந்தாலும், சிறுமலை அடிவாரத்திலிருந்து குடகனாற்றுப் பக்கம் இறங்கும் செம்மண் காடுகளில் நடந்தவர்களுக்கு அது எவ்வளவு சமம் என்று தெரியும். ஆறடி நடந்தால் ஓரடி இறங்கும் காடுகள் அங்கே உண்டு. மாடு உழுத காலத்தில் அந்தச் சரிவு ஒரு பொருட்டில்லை. இரண்டு டன் இரும்பு உழும்போது கதை வேறு. அப்படி ஒரு காட்டில் டிராக்டர் கவிழ்ந்தால், ஓட்டியவர் நில உரிமையாளருக்கு ஒரு தாள் எழுதித் தருகிறார். அது அப்படியே இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போகிறது. அந்தத் தாளைத்தான் இங்கே எடைபோடப் போகிறேன். இதில் வரும் ஆளும் காடும் எவரையும் குறிப்பவை அல்ல. இந்த வகைத் தாள்கள் எழுதப்படும் முறையை வைத்து நானே ஒன்றைக் கட்டியிருக்கிறேன்.

“மொதலாளி அவர்களுக்கு வணக்கம். நேற்று காலை சுமார் பத்து மணி அளவில் தங்களுக்குச் சொந்தமான மேட்டுக்காட்டில் உழவுப் பணி மேற்கொண்டிருந்தபோது எதிர்பாராத விதமாக டிராக்டர் நிலை தடுமாறித் தலைகுப்புறக் கவிழ்ந்து விபத்துக்குள்ளானது. நான் மிதமான வேகத்திலேயே கவனமாக ஓட்டி வந்தேன். கெழக்க போயி கலப்பைய தூக்கிட்டு தெக்க ஒடிச்சேன், மேல் சக்கரம் கல்வரப்புல ஏறிருச்சு, எடது பக்கமா சாஞ்சது, நான் மேல் பக்கமா குதிச்சுட்டேன். பிரேக் பிடித்தும் பிடிக்கவில்லை. உடன் வந்தவருக்குக் காலில் பலத்த அடி. பின்னர் ஜே.சி.பி. உதவியுடன் வண்டியைத் தூக்கி நிறுத்தி, ஸ்டார்ட் செய்து வீட்டிற்குக் கொண்டுவந்து சேர்த்தோம். இதற்கு என் கவனக்குறைவு காரணம் அல்ல என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.”

முதல் வாசிப்பிலேயே தெரிவது, இதை எழுதியவர்கள் இருவர். “மேற்கொண்டிருந்தபோது”, “விபத்துக்குள்ளானது”, “தெரிவித்துக்கொள்கிறேன்” எல்லாம் மனு எழுதும் கையின் தமிழ். நடுவில் இருக்கும் அந்த ஒற்றை வாக்கியம் மட்டும் ஸ்டீயரிங் பிடித்த கையுடையது. மனுக்காரர் கேட்டுக் கேட்டு எழுதியிருக்கிறார். அந்த இடத்தில் மட்டும் எப்படித் திருத்துவது என்று தெரியாமல் சொன்னதைச் சொன்னபடி விட்டுவிட்டார். நல்லவேளை. இந்தத் தாளில் மதிப்புள்ளது பெரும்பாலும் அந்த வாக்கியம்தான் என்பது என் கட்சி. அதைச் சோதித்துப் பார்ப்போம்.

கிழக்கே போய்த் தெற்கே ஒடித்ததாகச் சொல்கிறார். மலை தெற்கே இருக்கிறது, காடு வடக்கே பார்த்துச் சரிகிறது. கிழக்கு முகமாகப் போகும் வண்டிக்கு இடது பக்கம் பள்ளம், வலது பக்கம் மேடு. அவர் மேட்டுப் பக்கம் திரும்புகிறார். மேல் சக்கரம், அதாவது வலது பின்சக்கரம், கல்வரப்பில் ஏறுகிறது. வண்டி இடது பக்கம், பள்ளத்தை நோக்கிச் சாய்கிறது. திசைகள் ஒன்றோடொன்று இம்மி பிசகாமல் பொருந்துகின்றன. இட்டுக்கட்டிச் சொல்பவர் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்வார். பள்ளத்துப் பக்கம் திரும்பியதாகச் சொல்லிவிட்டுப் பள்ளத்திலேயே விழுந்ததாகவும் சொல்வார். திரும்பும்போது வண்டியை வெளிப்பக்கம் தள்ளும் விசையை அவர் கணக்கில் எடுத்திருக்க மாட்டார். மேட்டுப் பக்கம் ஒடித்தால்தான் அந்த விசை பள்ளத்தை நோக்கித் தள்ளும்.

எவ்வளவு தள்ளும் என்பதையும் தோராயமாகப் போட்டுப் பார்க்கலாம். ஆறடிக்கு ஓரடி இறங்கும் காடு என்றால் சரிவு ஒன்பதரை டிகிரி. கொத்தனார் வைத்திருக்கும் டியூப் மட்டத்தை வைத்து இதை அரை மணி நேரத்தில் அளந்துவிடலாம். பின்சக்கரங்களுக்கு நடுவே நாலரை அடி அகலம் என்று வைத்தால், ஒரு சக்கரம் மட்டும் பத்து அங்குலக் கல்வரப்பில் ஏறும்போது இன்னொரு பத்தரை டிகிரி கூடுகிறது. ஆக வண்டி நின்ற நிலையிலேயே இருபது டிகிரி சாய்ந்திருக்கும். நாற்பத்தைந்து குதிரைத்திறன் வண்டி ஒன்றின் அகலத்தையும் அதன் எடை மையத்தின் உயரத்தையும் வைத்துப் பார்த்தால், அசையாமல் நிற்கும் வண்டி நாற்பது டிகிரி வரை தாங்கும் என்று வரும். ஆனால் டிராக்டரின் முன் அச்சு நடுவில் ஓர் ஆணியில் ஆடும்படி இருக்கிறது. மேடுபள்ளத்தில் நான்கு சக்கரமும் தரையைத் தொட வேண்டும் என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். அதனால் சாயத் தொடங்கும்போது முன்சக்கரங்கள் முட்டுக்கொடுப்பதில்லை, வண்டி முக்காலியைப் போல நடந்துகொள்கிறது. எல்லை முப்பத்தாறு டிகிரி அளவுக்கு இறங்கிவிடும்.

இருபதுக்கும் முப்பத்தாறுக்கும் நடுவே பதினாறு டிகிரி மிச்சம் இருக்கிறது. அதைத் தின்றது எது? இங்கேதான் “மிதமான வேகம்” வருகிறது. நான்கு மீட்டர் ஆரத்தில் மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினால் வெளித்தள்ளும் விசை வண்டியை நான்கு டிகிரி கூடுதலாகச் சாய்த்ததற்குச் சமம். 20ம் 4ம் 24. வண்டி ஆடும், கவிழாது. அதே திருப்பத்தை 12 கிலோமீட்டரில் எடுத்தால் விசை இரண்டு மடங்காகாமல் நான்கு மடங்காகிறது, ஏறக்குறைய பதினாறு டிகிரிக்குச் சமம். 20ம் 16ம் 36. வண்டி போய்விட்டது.

இந்தக் கணக்கில் துல்லியம் கிடையாது. டயரின் காற்று, பொலபொலத்த மண், தூக்கிய கலப்பையின் எடை எல்லாம் ஒன்றிரண்டு டிகிரியை இப்படியும் அப்படியும் நகர்த்தும். ஆனாலும் ஒன்றைத் துணிந்து சொல்லலாம். உழவு வேகத்திலேயே ஒடித்திருந்தால் இந்தச் சரிவும் இந்த வரப்பும் சேர்ந்துகூட வண்டியைக் கவிழ்த்திருப்பது கடினம். சால் முடிவில் கலப்பையைத் தூக்கியதும் இழுவை சட்டென்று குறைகிறது, என்ஜின் இலகுவாகிறது, ஓட்டுபவர் ஆக்சிலேட்டரைத் தணிப்பதில்லை. ஏக்கர் கணக்கில் ஓட்டும் எவரும் திருப்பத்தில் நேரம் மிச்சம் பிடிக்கப் பார்ப்பது வழக்கம்தான். ஆகவே அவர் சொன்ன திசையை நம்புகிறேன், வேகத்தை நம்பவில்லை. நடந்ததைச் சொன்னது ஓட்டியவர். “மிதமான வேகம்” என்பது, நடந்திருக்கக் கூடாததை மறைக்க மனுக்காரர் போட்ட போர்வை.

அந்தப் போர்வை தேவைதானா என்பதே இந்தத் தாளைப் பற்றிய முக்கியமான கேள்வி. ஓட்டியவருக்கு ஒரு பயம் இருக்கிறது. தன் மேல் தப்பு என்று வந்துவிட்டால் வேலை போகும், பணமும் கிடைக்காது, ஒருவேளை வண்டியின் சேதத்தையே கட்டச் சொல்வார்கள் என்று நினைக்கிறார். வேலையைப் பற்றிய பயத்துக்கு என்னிடம் பதில் இல்லை. இழப்பீட்டைப் பற்றிய பயம் மட்டும் ஆதாரமற்றது. டிராக்டர் கொண்டு விவசாயம் செய்பவர்களைத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923 தன் அட்டவணையிலேயே சேர்த்திருந்தது. அந்தச் சட்டத்தின் கொள்கையை 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் எடுத்துக்கொண்டது. அந்தக் கொள்கையில் தொழிலாளியின் கவனக்குறைவு இழப்பீட்டைத் தடுக்காது. குடிபோதை, பாதுகாப்புக்காகச் சொன்ன உத்தரவை வேண்டுமென்றே மீறுவது, பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே கழற்றுவது ஆகிய மூன்று மட்டுமே தடைகள். அவையும் மரணத்துக்கோ நிரந்தர முழு ஊனத்துக்கோ பொருந்தா. வண்டிச் சேதத்துக்கான முழுப் பாலிசியும் அப்படித்தான். ஓட்டுநரின் சாதாரணத் தவறால் வந்த சேதத்தைக் கொடுக்கத்தானே அதை எடுக்கிறோம்? லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினாலும், குடித்துவிட்டு ஓட்டினாலும், பாலிசி அனுமதிக்காத வேலைக்கு ஓட்டினாலும் சிக்கல். “சால் முடிவில் கொஞ்சம் வேகமாக ஒடித்துவிட்டேன்” என்பது இந்த மூன்றில் எதிலும் வராது.

அதாவது உண்மையைச் சொல்லியிருந்தால் நட்டமில்லாத இடத்தில் பொய் சொல்லியிருக்கிறார்கள். சர்வேயர் வந்து சக்கரத் தடத்தைப் பார்த்து வேகத்தை ஊகித்துவிட்டால், அந்த ஒரு பொய் மற்ற உண்மைகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

“பிரேக் பிடித்தும் பிடிக்கவில்லை” இன்னும் மோசம். டிராக்டரில் வலது காலுக்கு இரண்டு பிரேக் மிதிகள் இருக்கின்றன, இடது சக்கரத்துக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. ரோட்டில் போகும்போது இரண்டையும் ஒரு கொண்டியால் பூட்ட வேண்டும். காட்டில் குறுகலாகத் திரும்ப அந்தப் பூட்டைக் கழற்றிவிட்டு ஒரு பக்கத்தை மட்டும் மிதிப்பார்கள். தெற்கே ஒடிக்கும்போது அவர் வலது மிதியை மட்டும் அழுத்தியிருந்தால், வண்டி நிற்பதற்குப் பதிலாக இன்னும் இறுக்கமாகச் சுழன்றிருக்கும். திருப்பத்தின் ஆரம் குறையும், வெளித்தள்ளும் விசை கூடும். அதை அவர் உடம்பு “பிடிக்கவில்லை” என்று உணர்ந்திருக்கலாம். பிரேக் சரியாகவே வேலை செய்திருக்கும், ஆனால் ஒரே சக்கரத்தில். அறிக்கை சொல்லியிருக்க வேண்டியது பூட்டு போட்டிருந்ததா கழற்றியிருந்ததா, எந்த மிதியை மிதித்தார் என்பதை மட்டும். அதற்குப் பதிலாக வண்டியில் கோளாறு என்று எழுதியதன் விளைவு எங்கே விழும் தெரியுமா? முதலாளியின் தலையில். வண்டியை ஓடும் நிலையில் பராமரிக்க வேண்டும் என்பது பாலிசியின் நிபந்தனை. எந்திரக் கோளாறு பாலிசியில் விலக்கு. முதலாளிக்கு உதவுவதாக நினைத்து எழுதிய வரி அவர் கோரிக்கையின் காலையே வாரும்.

“தலைகுப்புற” என்ற சொல்லையும் விட முடியாது. இரண்டு வரி தள்ளி “எடது பக்கமா சாஞ்சது” என்று இருக்கிறது. பக்கவாட்டில் ஒரு கால் சுற்று சாய்ந்து படுப்பது ஒன்று, சக்கரங்கள் வானத்தைப் பார்க்க முழுதாகப் புரள்வது வேறொன்று. பக்கவாட்டில் விழுந்தால் இடது மட்கார்டும் இடது விளக்கும் நசுங்கும், பானட் மேல் நட்டுக்குத்தலாக நிற்கும் சைலன்சர் தப்பிக்கும். முழுதாகப் புரண்டால் முதலில் மடங்குவது அந்தச் சைலன்சரும் ஸ்டீயரிங்கும்தான். சர்வேயர் சேதப் பட்டியலை அறிக்கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, நிமிர்ந்த சைலன்சரும் “தலைகுப்புற”வும் ஒன்றாக உட்காரா. செய்தித்தாளில் படித்துப் பழகிய ஒரு சொல், சேதத்தையே சந்தேகத்துக்கு உள்ளாக்குகிறது.

மேல் பக்கமாகக் குதித்ததை நான் முழுமையாக ஏற்கிறேன். பாதுகாப்பு இரும்புச் சட்டமும் சீட் பெல்ட்டும் இல்லாத வண்டியில் அவருக்கிருந்த ஒரே வழி அது. 1959லேயே ஸ்வீடன் புதிய டிராக்டர்களில் கவிழ்ந்தாலும் ஓட்டுநரை நசுக்காத இரும்புச் சட்டத்தைக் கட்டாயமாக்கியது. நம் வண்டிகளில் வெயிலுக்குப் போட்டிருக்கும் தகரக் கூரையைப் பலர் அந்தச் சட்டம் என்று நினைக்கிறார்கள். அது கவிழும்போது தட்டையாகும்.

அடுத்து அறிக்கையின் மௌனம். “உடன் வந்தவருக்குக் காலில் பலத்த அடி.” அவர் எங்கே இருந்தார்? காட்டில் நின்று கல் பொறுக்கிக்கொண்டிருந்தாரா, இடது மட்கார்டில் உட்கார்ந்திருந்தாரா? இந்த ஒரு கேள்வியைத் தாண்டிப் போகத்தான் அவ்வளவு சிறிய வாக்கியம். இடது பக்கம் விழுந்த வண்டியில் ஒருவருக்குக் காலில் அடி என்றால் மட்கார்டைத் தவிர வேறு இடத்தை நினைப்பது கஷ்டம். டிராக்டரில் ஓட்டுநருக்கு மட்டும்தான் இருக்கை. மோட்டார் வாகனச் சட்டப்படி கட்டாயமாக எடுக்க வேண்டிய காப்பீடு, சம்பளத்துக்கு ஓட்டும் ஓட்டுநருக்குத் தொழிலாளர் இழப்பீட்டின் அளவுக்குப் பொறுப்பேற்கிறது. மட்கார்டில் உட்கார்ந்த கூலியாளுக்கு, தனியாகப் பிரீமியம் கட்டிச் சேர்த்திருந்தாலொழிய, கம்பெனி கைவிரிக்கும்.

2007ல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கை இங்கே நினைக்க வேண்டும். டிராக்டர் விவசாய உபயோகத்துக்கு இன்சூர் செய்யப்பட்டிருந்தது, டிரெய்லருக்கு இன்சூரன்ஸே இல்லை. செங்கல் சூளைக்கு மண் ஏற்றிப் போனபோது அதில் இருந்த கூலித் தொழிலாளி அடிபட்டார். பாலிசிப்படி கம்பெனிக்குப் பொறுப்பில்லை என்று நீதிமன்றம் தீர்மானித்தது. ஆனாலும் அவருடைய ஏழ்மையைக் கருதித் தன் தனி அதிகாரத்தைப் பயன்படுத்தி, கம்பெனி முதலில் அவருக்குக் கொடுத்துவிட்டு உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளட்டும் என்று உத்தரவிட்டது. கடைசியில் பணம் எங்கிருந்து போக வேண்டும் என்பது தெளிவு.

ஆகவே இந்த மௌனம் முதலாளிக்குச் சாதகமானது என்று மனுக்காரர் நினைத்திருந்தால், பாதி சரி. கம்பெனியிடம் மறைக்கலாம். அடிபட்டவரிடம் மறைக்க முடியாது. அவருக்கு வயது 35 என்றும், மருத்துவர் சம்பாதிக்கும் திறனில் இருபது சதவீதம் போய்விட்டது என்று சான்று தந்ததாகவும் வைத்துக்கொள்வோம். மாதக் கூலி 15,000 ரூபாய் என்று கணக்கில் எடுத்தால் (2020ல் அறிவித்த உச்சவரம்பு அதுதான்), அதில் அறுபது சதவீதம் 9,000. அந்த வயதுக்கான காரணி 197.06. பெருக்கி, அதில் இருபது சதவீதம் எடுத்தால் 3,54,708 ரூபாய். இதைக் கொடுக்க வேண்டியவர் வேலைக்கு வைத்தவர். ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் 12 சதவீத வட்டி ஏறும். அரசு ஆஸ்பத்திரியில் அன்றைக்கு எழுதிய விபத்துப் பதிவேட்டில், ஏ.ஆர். காப்பி என்பார்களே, அதில் அவர் “டிராக்டரிலிருந்து விழுந்தேன்” என்று சொல்லியிருந்தால் அறிக்கையின் மௌனம் ஒரு நாள் கூடத் தாங்காது. அறிக்கையும் ஏ.ஆர். காப்பியும் போலீஸ் கொடுத்த சி.எஸ்.ஆர். ரசீதும் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்றுதான் கம்பெனியின் ஆள் முதலில் பார்ப்பார்.

இந்தத் தாளின் மிகப் பெரிய குற்றம் இதுவும் இல்லை. வேகத்தை மறைத்ததும் மட்கார்டை விழுங்கியதும் மனிதருக்கு இயல்பான பலவீனம், அவற்றை மன்னிக்கலாம். மிகப் பெரிய சேதத்தைச் செய்தது பெருமையோடு எழுதப்பட்ட வாக்கியம்: “ஜே.சி.பி. உதவியுடன் வண்டியைத் தூக்கி நிறுத்தி, ஸ்டார்ட் செய்து வீட்டிற்குக் கொண்டுவந்து சேர்த்தோம்.” பொறுப்பாக நடந்துகொண்டதற்குச் சாட்சியாக இதை எழுதியிருக்கிறார்கள். உண்மையில் ஒரே காலையில் மூன்று விஷயங்களை அழித்திருக்கிறார்கள். கவிழ்ந்த வண்டி எந்த கியரில் நின்றது, ஆக்சிலேட்டர் நெம்புகோல் எங்கே இருந்தது, பிரேக் கொண்டி பூட்டியிருந்ததா என்பவற்றைச் சொல்லக்கூடிய ஒரே சாட்சி வண்டியே. தூக்கி ஸ்டார்ட் பண்ணியதும் அந்தச் சாட்சி போயிற்று. வரப்பில் ஏறிய சக்கரத் தடத்தை ஜே.சி.பி.யின் சக்கரமே அழித்திருக்கும். அப்புறம் என்ஜின். பக்கவாட்டில் கிடந்த டீசல் என்ஜினில் ஆயில் சிலிண்டருக்குள் இறங்கியிருக்கலாம். ஆயில் அமுங்காது. அதைச் சரிபார்க்காமல் ஸ்டார்ட்டரைப் போட்டால் கனெக்டிங் ராடு வளையும். விபத்துக்குப் பிறகு சரிசெய்யாமல் ஓட்டியதால் கூடிய சேதம் உரிமையாளரின் பொறுப்பு என்று மோட்டார் பாலிசியின் நிபந்தனைகளிலேயே இருக்கிறது. வளைந்த ராடு விபத்திலா வளைந்தது, ஸ்டார்ட்டிலா என்று இனிமேல் யார் சொல்வது? கம்பெனி சொல்லும். தனக்குச் சாதகமாக.

செய்திருக்க வேண்டியது எளிது. டீசலை அடைத்துவிட்டு, பேட்டரிக் கம்பியைக் கழற்றிவிட்டு, நான்கு பக்கமும் செல்போனில் படம் எடுத்து, கியரையும் கொண்டியையும் தனியாக எடுத்து, கம்பெனிக்கு அன்றைக்கே எழுத்தில் தெரிவித்து, சர்வேயர் வரும்வரை கிடக்கவிட்டிருக்கலாம். மறுநாள் விதைப்பு இருந்திருக்கும், அது தெரியும். இருந்தாலும் நிலைமை இதுதான்.

என் தீர்ப்பு. விபத்து நடந்தது என்பதற்கும், அது பக்கவாட்டில் கவிழ்ந்தது என்பதற்கும், மேட்டுப் பக்கம் திரும்பும்போது சக்கரம் வரப்பில் ஏறியது என்பதற்கும் இந்த அறிக்கை நம்பத்தகுந்த சாட்சி. வேகத்தைப் பற்றியும் பிரேக்கைப் பற்றியும் அது சொல்வதை ஏற்க முடியாது. உடன் வந்தவரைப் பற்றி அது சொல்லாததை ஏற்கவே கூடாது. கம்பெனி இதை முன்னிட்டுக் கோரிக்கையை முழுதாக நிராகரித்தால் அது அநியாயம், ஏனென்றால் காப்பீடு தாங்க வேண்டிய சாதாரணத் தவறுதான் இதில் நடந்திருக்கிறது. என்ஜின் செலவை மட்டும் தள்ளி வைத்தால் அதைக் குறை சொல்ல முடியாது. கிரேனுக்கும் எக்ஸ்கவேட்டருக்கும் போடும் ஒரு விலக்கு இருக்கிறது, கருவியாக வேலை செய்யும்போது கவிழ்ந்தால் கொடுப்பதில்லை என்று. அதை உழவு டிராக்டரின் மேல் ஒட்டப் பார்த்தால், அந்தப் பின்னிணைப்பு பாலிசியில் உண்மையிலேயே இருக்கிறதா என்று முதலாளி காட்டச் சொல்ல வேண்டும்.

ஓட்டியவர் ஒரு கூடுதல் தாள் எழுதித் தரட்டும், இந்தத் தடவை மனுக்காரர் இல்லாமல். எனக்குத் தெரிந்து அது இவ்வளவுதான் இருக்க வேண்டும்: “கெழக்க போயி சால் முடிஞ்சதும் கலப்பையைத் தூக்கினேன். ஆக்சிலேட்டரைக் கொறைக்கல. பிரேக் பூட்டு கழட்டியிருந்துச்சு, வலது பக்கம் மட்டும் மிதிச்சேன். வலது பின்சக்கரம் கல்வரப்புல ஏறி வண்டி எடது பக்கமா படுத்துருச்சு. அண்ணன் எடது மட்கார்டுல உக்காந்திருந்தாரு. நான்தான் ஏறிக்கச் சொன்னேன்.”